ஏழாம் நம்பரின் பயம்

குமுதினியின் பத்து விரல்களும் தப்பியது காலை ஒன்பது நாற்பதுக்கு. பத்து மணிக்கெல்லாம் அவளைத் தணிப்பறையில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தத் தொழிற்சாலையில் எதுவும் தாமதமாக நடப்பதில்லை.

தணிப்பறையில் ஒரு நாற்காலி, ஒரு செவிலி, ஒரு தட்டில் தணிமாத்திரை. அதை விழுங்கிவிட்டு, நடந்ததை வாய்விட்டு ஒருமுறை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். ஒரு நினைவை எடுத்துப் பேசும்போது அது சில மணி நேரம் இளகிக் கிடக்கும். பிறகுதான் மறுபடி இறுகும். இளகிய நேரத்தில் மாத்திரை உள்ளே போய் பயத்தை மட்டும் கழற்றிவிடும். சம்பவம் நினைவில் இருக்கும், யாருக்கோ நடந்ததுபோல. மறுநாள் அதே ஆள் அதே எந்திரத்தில் விசிலடித்துக்கொண்டு நிற்பார்.

செவிலி அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டாள். "உங்களுக்கு இழுப்பு இருக்குதுங்களே. இது ஆகாது. மூச்சு அடைச்சிரும்."

அந்த ஆலையின் நானூறு பேரில் ஆஸ்துமாக்காரி அவள் ஒருத்திதான். ஆக, பயத்தை வைத்துக்கொள்ளும்படி வீட்டுக்கு அனுப்பப்பட்ட முதல் ஆளும் அவளே.

நடந்தது இவ்வளவுதான். ஏழாம் நம்பர் பிரஸ், நூற்று அறுபது டன். தகட்டைக் கீழ்டை என்னும் அடி அச்சில் வைத்து, பின்வாங்கி, இரண்டு உள்ளங்கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும். ராம் என்று அழைக்கப்படும் மேல்பகுதி இறங்கி, தகட்டை கார் கதவுக்கான வளைவாக்கிவிட்டு ஏறி நிற்கும். இரண்டு கைகளும் பொத்தானில் இருந்தால் டைக்குள் போக மூன்றாவது கை இல்லை. கையை எடுத்தால் ராம் நின்றுவிடும். அதையும் மீறிக் கை நீட்டினால் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை. கதிரை எது மறித்தாலும் பிரேக் பிடிக்கும். பதினோரு வருடமாக இதை நம்பித்தான் அவள் வேலை செய்தாள். அன்றைக்குத் தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தது. கண் பார்த்தது, மூளையைக் கேட்காமலே கை போனது. ராம் நின்றது, நிற்காமல் இல்லை. ஆனால் நடுவிரல் நகத்துக்கு இரண்டு விரற்கடை மேலே வந்து நின்றது.

"பாதுகாப்பு வேலை செஞ்சிருக்கு பாருங்க," என்று மேலாளர் நித்திலன் சந்தோஷமாகச் சொன்னார். ஒரு கீறல்கூட இல்லாத கையை வேறு எப்படி விளக்குவது?

எல்லோர் மணிக்கட்டிலும் அச்சமானி இருந்தது. வியர்வை, நாடி, நடுக்கம் மூன்றையும் சேர்த்துப் பூச்சியத்திலிருந்து நூறுவரை ஓர் எண்ணாக்கிக் காட்டும் பட்டை. எந்திரம் பழுதாவதற்கு முன்பே அதன் அருகில் நிற்பவரின் உடம்புக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் அதைக் கண்டுபிடித்தவர்களின் எண்ணம், தப்பான எண்ணமும் இல்லை. ஒரே வாரத்தில் ஓர் எந்திரத்தருகே மூன்று பேரின் எண் அறுபதைத் தாண்டினால் அந்த எந்திரம் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஒருவர் மட்டும் பயந்தால் அது ஆளின் கோளாறு. மூவர் பயந்தால் எந்திரத்தின் கோளாறு. மூவர் விதி வந்தபின் மாதாமாதம் பிரேக்கை அளந்த பழைய கருவி அலமாரிக்குப் போனது. அதை நினைத்து வருத்தப்பட்டவர் பராமரிப்புப் பிரிவின் ரவூஃப் ஒருவர்தான். அவர் எதற்கும் வருத்தப்படுகிறவர் என்று பெயர் எடுத்திருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

குமுதினியின் எண் அன்று தொண்ணூற்றாறு.

வீட்டில் இரண்டு நாள். முதல் நாள் படுத்தே கிடந்தாள், அது எதிர்பார்த்ததுதான். இரண்டாம் நாள் குக்கர் விசில் அடித்தபோது கையிலிருந்த கிண்ணத்தைத் தூக்கி எறிந்துவிட்டாள். கண்ணை மூடினால் ராம் இறங்கியது, ஒவ்வொரு முறையும் இரண்டு விரற்கடைக்கும் கீழே. நடக்காத ஒன்று, நடந்ததைவிடத் தெளிவாக வந்து நின்றது. கணவன் ஆறுதலாக, அதான் ஒன்றும் ஆகவில்லையே என்றான். எல்லோரும் சொல்லும் அந்த வார்த்தைதான் அவளுக்கு ஆத்திரத்தை மூட்டியது. ஒன்றும் ஆகாத ஒருத்திக்கு அழ என்ன உரிமை இருக்கிறது என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டு, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

மூன்றாம் நாள் ஆலைக்குப் போனாள். வழக்கமாக நடக்கும் நடைபாதை ஏழாம் நம்பரை ஒட்டிப் போகும். அவள் கால்கள் தாமாகவே கிடங்கு வழியே திரும்பி, கொதிகலனைச் சுற்றி, இருநூறு தப்படி அதிகம் நடந்து பொதியறைக்குப் போயின. பொதியறையில் பெட்டி ஒட்டும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். பயம் என்றால் என்னவென்றே மறந்துபோன ஜனங்களுக்கு இது பெரிய வேடிக்கை. அவள் வரும்போது பின்னாலிருந்து, பிரஸ்ஸைப் போலவே, வாயால் 'புஸ்' என்று காற்றுச் சத்தம் விட்டார்கள். அவள் துள்ளினாள், அவர்கள் சிரித்தார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை. வலி இல்லாதவனுக்கு அடுத்தவன் முகச்சுளிப்பு விளையாட்டாகத்தான் தெரியும்.

ஏழாம் நம்பரில் இப்போது ஸ்டெல்லா நின்றாள். குமுதினியைவிட எட்டு வயது சின்னவள், ஆறு வருடமாகச் சாப்பாட்டு டப்பாவைப் பங்கிட்டுக்கொள்பவள். சாப்பாட்டு நேரத்தில், ஊறுகாயை நக்கிக்கொண்டே, சாதாரணமாக ஒன்று சொன்னாள்.

"எனக்கும் போன மாசம் அதே மிஷின்லதானுங்க்கா ஆச்சு. கை உள்ளார போச்சு, ராம் வந்து நின்னுச்சு. மாத்திரை போட்டேன், மறந்தே போயிட்டேன்."

"எவ்வளவு மேல நின்னுச்சு?"

ஸ்டெல்லா யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். "தெரீலீங்க்கா. நின்னுச்சு, அவ்வளவுதான்."

குமுதினி டப்பாவை மூடி வைத்தாள். தப்பிய விபத்தைப் பற்றிய படிவத்தை மாத்திரைக்குப் பிறகுதான் எழுத வேண்டும் என்பது ஆலை விதி. பதறியவர் எழுதினால் மிகைப்படுத்துவார், தெளிந்தவர் எழுதினால் உண்மை வரும் என்று யாரோ படித்தவர் வகுத்த விதி. பயத்தோடு சேர்ந்து, பயந்தவன் மட்டுமே பார்த்துவைத்திருந்த நுணுக்கங்களும் கழன்றுபோகும் என்பது அந்தப் படித்தவருக்குத் தோன்றவில்லை. அச்சமானியின் எண்ணும் ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டால் அந்தப் பதிவை 'தணிந்தது' என்று நீக்கிவிடுவார்கள். மூவர் விதி மூன்றுவரை எண்ண வாய்ப்பே கிடைக்கவில்லை. ஒரு கருவி பயத்தை எண்ணியது, இன்னொரு கருவி எண்ணுவதற்குள் துடைத்தது. இரண்டையும் ஒரே ஆலை, ஒரே நல்லெண்ணத்தோடு வாங்கிப் போட்டிருந்தது.

ரவூஃப் அவளைக் கிண்டல் செய்யவில்லை. நடந்ததைச் சொல் என்று தோண்டவும் இல்லை. ஒரு நாள் பொதியறை வாசலில் வந்து நின்று, பயப்படுவது நியாயந்தான் என்று மட்டும் சொன்னார். ஒரு வாரமாக அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள் என்பது, கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"இப்படியே சுத்திச் சுத்திப் போனா அது மனசுல பெருசாயிட்டே போகும் அம்மிணி. ஒரே நாள்ல போய் நிக்கவும் வேண்டாம். கொஞ்சங் கொஞ்சமா போலாம். போதும்னு நீ சொன்னா அன்னைக்குப் போதும்."

முதல் நாள் மதிய இடைவேளையில் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இரண்டாம் நாள் ரவூஃப் மின்சாரத்தை அறுத்து, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி, மேல்டைக்கும் கீழ்டைக்கும் நடுவே இரும்பு முட்டுக்கட்டையை நிறுத்தி, சுவிட்சில் தன் பூட்டைப் போட்டார். அவள் கையிலும் ஒரு பூட்டைக் கொடுத்து அதே வளையத்தில் போடச் சொன்னார். பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்திக் காட்டினார். ஒன்றும் அசையவில்லை.

"உன் சாவி உன் பையில இருக்கற வரைக்கும் இது செத்த மிஷின். இன்னொருத்தன் பூட்டை மட்டும் எப்பவும் நம்பாதே, என்னுதா இருந்தாலுஞ் சரி."

அவள் கையை நீட்டி டையைத் தொட்டாள். எண் எண்பத்தொன்று, தொட்டபடியே நின்றாள், ஐந்து நிமிடத்தில் அறுபது, பத்து நிமிடத்தில் நாற்பத்திரண்டு. ஓடாமல் நின்றால் பயம் தானாகக் களைத்துப்போகும் என்று ரவூஃப் சொன்னது பொய்யில்லை. இழுப்பு இல்லாமல் மூச்சு வந்தது. அன்று மாலை கிடங்கைச் சுற்றாமல் நடைபாதை வழியாகவே வீட்டுக்குப் போனாள்.

நான்காம் நாள், தகடு இல்லாமல், ரவூஃப் பொத்தானை அழுத்த அவள் பத்தடி தள்ளி நின்று கேட்க வேண்டும். ராம் இறங்கியது, ஏறியது, நின்றது. அவள் எண் தொண்ணூற்றுக்கு எகிறியது. போதுமா என்றார் ரவூஃப்.

"இன்னொருக்கா ஓட்டுங்கண்ணா." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "முன்னெல்லாம் புஸ்ஸுன்னு காத்து போறதும் தட்டுன்னு பிரேக் புடிக்கறதும் ஒண்ணாக் கேக்கும். இப்ப நடுவுல எடம் இருக்குது."

கிளட்சிலிருந்து காற்று வெளியேறும் சத்தம், பிரேக் கவ்வும் சத்தம். அவர் மூன்றுமுறை ஓட்டிக் கேட்டார். அவர் காதுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அலமாரியைத் திறந்து, பழைய கருவியைத் தூசி தட்டி எடுத்து ராமில் கட்டினார். ராம் நிற்க எடுக்கும் நேரம் ஒரு நொடியில் பத்தில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். கருவி காட்டியது பத்தில் மூன்றுக்கும் சற்று மேல்.

அது என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கத் தோன்றும். மனிதக் கை ஒரு நொடியில் நூற்று அறுபது சென்டிமீட்டர் பாயும் என்பது கணக்கு. பத்தில் இரண்டு பங்கு நொடியில் முப்பத்திரண்டு சென்டிமீட்டர். ஒளித்திரை டையிலிருந்து முப்பத்தாறு தள்ளி நிற்கிறது, ஆகவே கை போய்ச் சேர்வதற்குள் ராம் நின்றுவிடும். பத்தில் மூன்றுக்கு மேல் என்றால் கை ஐம்பது சென்டிமீட்டர் போயிருக்கும். ஒளித்திரை இருந்தது, பிரேக் பிடித்தது, எல்லாம் 'வேலை செய்தது'. விரல் போன பிறகு வேலை செய்திருக்கும்.

ரவூஃப் இந்தக் கணக்கை ஒரு தகட்டுத் துண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது இடைவேளை முடிந்த மணி அடித்தது. ஸ்டெல்லா வந்து எந்திரத்தில் நின்றாள். கொஞ்சம் பொறு என்று ரவூஃப் சொன்னதற்குச் சிரித்தாள், தகட்டை வைத்தாள், பொத்தானை அழுத்தினாள். தகடு கோணலாக இருந்தது. குமுதினி அதைப் பார்த்தாள். ஸ்டெல்லாவும் அதைப் பார்ப்பதைப் பார்த்தாள், அடுத்து கை போகும். பத்தடியை எப்படிக் கடந்தாள் என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை. ஸ்டெல்லாவின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுக்க, இருவருமாகத் தரையில் விழுந்தார்கள். மேலே ராம், ஸ்டெல்லாவின் மணிக்கட்டு இருந்திருக்கும் இடத்தைத் தாண்டி இறங்கி நின்றது.

ஸ்டெல்லா எழுந்து தூசியைத் தட்டினாள். அவள் அச்சமானியில் எண் பதினான்கு. "எதுக்குங்க்கா இழுத்தீங்க?" என்று கேட்டாள், உண்மையாகவே புரியாமல்.

பிரேக் பட்டைகள் தேய்ந்து, எண்ணெய் ஏறிக் கிடந்தன. மாற்றினார்கள். கருவியை மறுபடி கட்டி, பத்தில் இரண்டுக்குள் இறங்கிவிட்டதை ரவூஃப் குமுதினியைக் கூப்பிட்டுக் காட்டினார். பழுது சரியானதைக் கண்ணால் பார்த்த பிறகு, மீதிப் பயம் வேகமாகவே கரைந்தது. மறு வாரம் அவள் ஏழாம் நம்பரில் அரை ஷிப்ட் ஓட்டினாள். எண் முப்பதுக்குள் நின்றது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மல்லிகை வாங்கிக்கொண்டாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது.

நித்திலன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடி அறை, மேலிருந்து பார்த்தால் இருபத்து நான்கு பிரஸ்ஸும் தெரியும். பழைய படிவங்களைத் தோண்டியதில் ஏழாம் நம்பரில் மட்டும் பதினொரு பேர் தப்பியிருந்ததும், பதினொன்றிலும் 'பிரச்சினை இல்லை' என்றே எழுதியிருந்ததும் தெரிய வந்திருந்தது. அவர் நிஜமாகவே அதிர்ந்துபோயிருந்தார். மாத்திரையை நிறுத்திவிடலாமே என்று அவள் மெல்லக் கேட்டாள். நிறுத்தினால் பாதிப் பேர் எந்திரத்துக்கே வர மாட்டார்கள் என்றார். அதற்கு அவரிடம் வேறு யோசனை இருந்தது.

"நம்ம கிட்ட சரியா வேலை செய்யற அச்சமானி ஒண்ணுதான் இருக்கு குமுதினி. அது உங்க கையில இருக்கு. இனி நீங்க மிஷின் ஓட்ட வேண்டாம். ஒவ்வொண்ணு பக்கத்துலயும் கொஞ்ச நேரம் நில்லுங்க, போதும்."

மூவர் விதி திருத்தப்பட்டது. குமுதினியின் எண் அறுபதைத் தாண்டினால் அவள் ஒருத்தியே மூவருக்குச் சமம், எந்திரம் பூட்டிக்கொள்ளும். அவளுக்குத் தனி நீலச் சட்டை கொடுத்தார்கள். முதல் மாதம் இரண்டு எந்திரங்களில் தளர்ந்த காற்று வால்வுகளைக் கண்டுபிடித்தாள். 'புஸ்' என்று சத்தம் விட்டவர்கள் இப்போது எழுந்து வழிவிட்டார்கள். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன். பிரேக் அளக்கும் கருவி மட்டும் மறுபடி அலமாரிக்குப் போய்விட்டது. இனி அது எதற்கு என்றார் நித்திலன்.

ஆனால் தினமும் எந்திரத்தருகே நின்று, தினமும் ஒன்றும் ஆகாமல் வீட்டுக்குப் போகிறவளுக்கு என்ன நடக்குமோ அது நடந்தது. ரவூஃப் சொல்லிக்கொடுத்த வைத்தியமே இதுதானே. முப்பது இருபத்தைந்தானது, இருபத்தைந்து பதினெட்டானது. அவள் நன்றாகத் தூங்கினாள். குக்கர் விசில் அடித்தால் அடுப்பைத் தணித்தாள். கண்ணாடி அறையில் நித்திலன் அவள் எண்ணின் வரைகோடு சரிவதை வாரா வாரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ரவூஃபை வேறு ஆலைக்கு அனுப்பியிருந்தார்கள். பதினாலாம் நம்பரின் கீழ்டையில் பிசிறு இருப்பதாகத் தோன்றுகிறது, தடவிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நித்திலனே வந்து கேட்டார். அவள் தன் பூட்டை எடுக்கப் பைக்குள் கைவிட்டாள்.

"பூட்டியாச்சும்மா. நானே பூட்டினேன்."

மேலாளர் சொன்ன பிறகு சோதித்துப் பார்ப்பது மரியாதையாக இருக்குமா? அவள் கையை உள்ளே நீட்டித் தடவினாள். தலைக்கு மேல் 'புஸ்' என்றது. ராம் இறங்கி, அவள் புறங்கைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

மூச்சு அடைத்து, இழுப்பு மருந்தைத் தேடி விழுந்தாள். எண் தொண்ணூற்றெட்டு. ஸ்டெல்லா ஓடிவந்து மருந்தை வாயில் வைத்தாள். நித்திலன் குனிந்து, ஒரு சாணுக்குக் கீழே இறங்காதபடிதான் எந்திரத்துக்குக் கட்டளை கொடுத்திருந்தேன், கவலை வேண்டாம் என்று மிக அன்பாகச் சொன்னார். பிறகு அவள் அச்சமானியின் மேல் சின்னதாக ஒரு வில்லையை ஒட்டினார். ஆலையின் ஒவ்வோர் அளவுகோலிலும் எடைக்கருவியிலும் ஒட்டியிருக்கும் அதே வில்லை. அளவு திருத்திய நாள், அடுத்த திருத்தம் எந்த மாதம் என்று இரண்டு வரி. அடுத்ததற்கு நேரே நான்காம் மாதம் குறித்திருந்தது. எந்த நாள் என்று போடவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்கு வந்தாள். வராமல் இருக்கலாம் என்று கணவன் சொன்னான். ஸ்டெல்லா அங்கே நிற்கிறாளே என்றாள் இவள். அவளுக்குப் பயப்படத் தெரியாதே.

முதலாம் நம்பரருகே போய் நின்றாள். அந்த எந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவளுக்கு அது தெரியாது. இனி எப்படித் தெரியும்? எண் எழுபது. சிவப்பு விளக்கு எரிந்தது, முதலாம் நம்பர் பூட்டிக்கொண்டது. இரண்டாம் நம்பர், எழுபத்துநான்கு. பூட்டிக்கொண்டது. மூன்று, நான்கு, ஐந்து. அவள் அவசரப்படவில்லை. தனக்குக் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தபடி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொஞ்ச நேரம் நின்றாள். ஏழாம் நம்பரில் ஸ்டெல்லா கையைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டு நின்றாள். ஒவ்வொரு சத்தமாக அடங்கி, இருபத்து நான்காவதும் நின்றபோது, அந்தக் கொட்டகையில் பல வருடங்களுக்குப் பிறகு வெளியே மரத்தில் காக்கை கத்துவது கேட்டது.

அன்று காலைதான் திரும்பி வந்திருந்த ரவூஃப் அலமாரியிலிருந்து கருவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். ஒன்றிரண்டைப் பராமரிப்புச் சாவி போட்டு ஓட்டி அளந்துவிட்டு நிறுத்தினார். சரியாக இருந்தன. "எதுல அம்மிணி கோளாறு?" என்று கேட்டார். அவள் மணிக்கட்டில் இருந்த வில்லையைக் காட்டினாள். ரவூஃப் அதைப் படித்தார். அப்புறம் அவர் எதையும் அளக்கவில்லை.

கண்ணாடி அறையின் படிகளில் நித்திலன் வேகமாக இறங்கி வந்தார். எந்த எந்திரம், எந்த எந்திரம் என்று கேட்டுக்கொண்டே நடைபாதையில் வந்தார். எந்திரங்கள் எல்லாம் செத்துக் கிடக்க, குமுதினியின் எண் எழுபத்தாறிலிருந்து எண்பதானது. அவர் இன்னும் பத்தடி வந்தார். எண்பத்தொன்பது. ஊழியர்கள் அந்த எண்ணையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் நின்றார், எண்ணும் நின்றது. சிரித்தபடி ஓர் அடி எடுத்து வைத்தார்.

தொண்ணூற்று மூன்று.

ஸ்டெல்லா வந்து குமுதினிக்கு முன்னால் நின்றுகொண்டாள். அவள் மணிக்கட்டில் எண் பன்னிரண்டுதான். ரவூஃப் தன் பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்தார். அதை எதில் போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.